ஓட்டு வீடும் காட்டுக் கங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், கடையாலுமூடு, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கமாகப் பழைய ஓட்டுக் கூரைகளைப் பிரித்து மேய்ந்து கொடுப்பது என் தொழில். மாசி பிறந்து மலையில் புகை தெரிந்தால் போதும், போன் வரத் தொடங்கும். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

தீ எரியிறது மலையில. எங்க வீடு கீழ ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல இருக்கு. எனக்கு என்ன பயம்?

தீ நடந்து வர வேண்டியதில்லை, காற்றில் பறந்து வரும். புல்லும் இலையும் எரியும்போது கிளம்பும் பொறி பெரும்பாலும் வழியிலேயே அணைந்துவிடும். மரப்பட்டை, சுள்ளி, கொதும்பு, மட்டைத் துண்டு இவையெல்லாம் அப்படி இல்லை. உள்ளே கனன்றுகொண்டே பறந்து, விழுந்த இடத்தில் பல நிமிடம் உயிரோடு கிடக்கும். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுத் தீயில் எரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, தீ நாக்கு தொட்டு எரிந்த வீடுகளைவிடக் கங்கு விழுந்து எரிந்த வீடுகளே அதிகம் என்பதைத்தான்.

நம் மாவட்டத்துத் தீ அவர்கள் ஊர்த் தீ மாதிரி மர உச்சிகளைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. பெரும்பாலும் தரையோடு போகும் புல் தீ, சருகுத் தீ. ஆனால் ரப்பர் மரம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை இலை உதிர்க்கும். மழையில்லாத அதே மாதங்களில்தான் தோட்டத்துத் தரை முழுக்க நொறுங்கும் சருகாகக் கிடக்கும். அதில் ஒரு பகுதி உங்கள் கூரை மேலேயும் கிடக்கிறது. ஆரல்வாய்மொழி, தோவாளை கிழக்குச் சரிவுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. மேற்கே மழை பெய்யும் ஆனி ஆடியிலும் அங்கே புல் காய்ந்திருக்கும், காற்றோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

ஓடு சுட்ட மண்ணாச்சே, அது எப்படித் தீப்பிடிக்கும்?

பிடிக்காது. சூளையில் வெந்த ஓட்டை ஒரு கங்கு என்ன செய்துவிடும்? எரிவது ஓட்டுக்குக் கீழே இருப்பது. ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டம், அதைத் தாங்கிச் சாய்வாக இறங்கும் கழுக்கோல், மச்சுப் பலகை, அதற்கு மேல் எலி இழுத்துப் போட்ட கதம்பை நார், அணில் கூடு, ஓட்டிடுக்கு வழியாக வருடக்கணக்கில் உதிர்ந்து சேர்ந்த சருகு. பட்டியலில் கங்கு விழுந்தால் அணையவே வாய்ப்பு அதிகம். அணில் கூட்டில் விழுந்தால், அடுப்பு பற்ற வைக்கச் சில்லாட்டையில் கங்கை வைத்து ஊதுகிற மாதிரிதான்.

மங்களூர் ஓடு ஒன்றோடொன்று கொக்கி மாட்டி உட்காருமே தவிர, இடைவெளி இல்லாமல் அடைவதில்லை. முக்கியமான திறப்புகள் மூன்று இடங்களில் இருக்கும். கூரை விளிம்பில் கடைசி வரிசை ஓட்டின் வளைவுக்கு அடியில் ஒரு பொந்து. முகட்டு ஓட்டின் கீழே சாந்து வெடித்த இடம். முகப்புச் சுவரின் மேல்பகுதியில் மச்சுக்குக் காற்று போக வைத்த மர அழி. இந்த மூன்றையும் சரி செய்தால் ஓட்டுக் கூரை நல்ல கூரை, மாற்றத் தேவையில்லை. உடைந்த ஓடும் நழுவிய ஓடும் நான்காவது திறப்பு. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மழையே காட்டிக் கொடுத்துவிடும்.

அப்போ ஓட்டைத் தூக்கிட்டுத் தகர ஷீட் போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?

ஷீட் எரியாது, இடைவெளியும் ஓட்டைவிடக் குறைவு. ஆனால் ஷீட்டின் நெளிவு விளிம்பில் அலை அலையாகத் திறந்தே இருக்கும். முகட்டு மூடிக்கு அடியிலும் அப்படியே. குருவி கூடு கட்டுவதே அங்கேதான். ஷீட் மெல்லியது என்பதால் மேலே சருகு குவிந்து எரிந்தால் சூடு நேராக அடியில் இறங்கும். அடியில் இரும்புச் சட்டம் இருந்தால் கவலையில்லை. சூட்டுக்குப் பயந்து தெர்மாகோல் சீலிங் போட்டிருந்தால், நடுவில் தெர்மாகோல் வைத்த பேனல் ஷீட் வாங்கியிருந்தால், அதுதான் விறகு.

வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் ஷீட்டையும் கவனியுங்கள். அதன் மேல் சருகு தங்கி எரிந்தால் ஓட்டை விழும். நம் முன்னோர் போட்ட கண்ணாடி ஓட்டுக்கு அந்தப் பிரச்சனை இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் எரியாதுதானே?

கங்குக்கு எரியாது. நேரடித் தீயில் சூடேறினால் பட்டாசு மாதிரி வெடித்துச் சில்லு சில்லாகத் தெறிக்கும், அப்போது கூரையே திறந்துவிடும். புதிதாகப் போடாதீர்கள். இருப்பதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வலை அடிக்க வேண்டுமானால் சுவரிலோ மரத்திலோ அடியுங்கள்.

எங்களது கான்கிரீட் வீடு. சூட்டுக்கு மொட்டை மாடியில தென்னை ஓலை பரப்பியிருக்கோம். பரவாயில்லையா?

எரியாத கூரையை நீங்களே எரியும் கூரையாக்கி இருக்கிறீர்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், சூடு நன்றாகவே குறையும். ஓலைக்குத் தீத்தடுப்பு மருந்து தெளிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். உப்பு வகை மருந்துகள் தண்ணீரில் கரையும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அது எத்தனை நாள் நிற்கும்?

கடைக்காரர் ‘ஏ கிளாஸ் ஃபயர் ரேட்டிங்’ ஷீட்னு சொல்றார். அதை வாங்கினா போதுமா?

அந்த வகுப்பு அமெரிக்கச் சோதனையிலிருந்து வந்தது. சாய்வாக வைத்த கூரை மாதிரியின் மேல் ஏறக்குறைய ஓர் அடிச் சதுரத்தில் 2 கிலோ எடையுள்ள எரியும் மரச்சட்ட அடுக்கை வைத்துக் காற்று வீசச் செய்வார்கள். தீ அடிப்பக்கம் எட்டாமல் தாங்கினால் ஏ வகுப்பு. கடினமான சோதனைதான், பொய் இல்லை. ஆனால் அது மேல்பரப்பைப் பற்றியது மட்டுமே. விளிம்பிலும் முகட்டிலும் உங்கள் மேஸ்திரி விடும் இடைவெளியைப் பற்றி அந்தச் சான்றிதழ் ஒன்றும் சொல்லாது.

மச்சு அழியில நைலான் கொசுவலை அடிச்சிருக்கேன். அது போதாதா?

கொசுவுக்குப் போதும். கங்கு பட்ட இடத்தில் நைலான் உருகிச் சுருங்கி வட்ட ஓட்டை விழும், அடுத்த கங்கு அதன் வழியே போகும். ‘ஃபைபர் கிளாஸ்’ வலையிலும் கண்ணாடி நூலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூச்சுதான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு வெட்டி எரியும் ஊதுவத்தி முனையால் தொட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் பதில் கிடைத்துவிட்டது.

வேண்டியது உலோக வலை. எங்கள் பக்கத்துக்கு எவர்சில்வர் வலைதான் சரி. கடைகளில் ‘எஸ்.எஸ். மெஷ்’ என்பார்கள்.

கடையில என்ன சைஸ்னு சொல்லிக் கேக்கணும்?

கண்ணியின் உள் அளவு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீ பகுதிக் கட்டட விதி சொல்வது இந்த 2 மி.மீ. கலிபோர்னியா விதி 1.6 முதல் 3.2 மி.மீ. வரை ஒத்துக்கொள்கிறது. நம் கடைக்காரர் மில்லிமீட்டரில் பேச மாட்டார், ‘பத்து மெஷ், பன்னிரண்டு மெஷ்’ என்பார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதுதான் அது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. பத்தால் வகுத்தால் 2.54. அதில் கம்பியின் கனம் போக மிஞ்சுவதுதான் கண்ணி. 24 கேஜ் கம்பி சுமார் 0.56 மி.மீ. கனம். ஆகக் கண்ணி 1.98 மி.மீ. கச்சிதம்.

எனவே ‘பத்து மெஷ், 24 கேஜ், எவர்சில்வர் 304’ என்று கேளுங்கள். ‘பத்து மெஷ்’ என்று மட்டும் சொன்னால் மெல்லிய கம்பியில் தருவார்கள், கண்ணி பெரிதாகிவிடும், கையால் அழுத்தினாலும் விரியும். குளச்சல், முட்டம் போலக் கடற்கரை ஊராக இருந்தால் 316 ரகம் கேளுங்கள். உப்புக் காற்றில் 304-கூடப் பழுப்புப் புள்ளி போடும், நாகம் பூசிய வலை அதைவிடச் சீக்கிரம் பொடிந்துவிடும்.

இவ்வளவு நெருக்கமான வலை அடிச்சா மச்சுல காத்தே போகாதே? மரம் உளுத்துப் போகாதா?

பயம் நியாயமானது. மழைக்காலத்தில் மச்சுக்குக் காற்று இல்லாவிட்டால் பலகையில் பூஞ்சை பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன வலையில் கம்பி போகத் திறந்திருக்கும் பரப்பு 61 சதவீதம். 60-க்கு 45 செ.மீ. உள்ள ஒரு திறப்பின் பரப்பு 2,700 சதுர செ.மீ. வலை அடித்த பின் காற்றுக்கு மிஞ்சுவது சுமார் 1,650.

குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்தது என்ன? மர அழி. பட்டைக்குப் பட்டை பாதி இடத்தை மரமே அடைத்துக்கொண்டிருக்கும், அதாவது 1,350-தான் திறந்திருந்தது. அழியைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டத்தில் வலையை மாட்டினால் காற்று முன்பைவிடக் கூடுதலாகவே போகும். எரியக்கூடிய மரமும் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அழியை வைத்துக்கொண்டே அதன் மேல் வலை அடித்தால்தான் 1,350-இல் 61 சதவீதம், சுமார் 820 ஆகி, நீங்கள் பயப்படுவது நடக்கும். செதுக்கு வேலை உள்ள பழைய அழியைக் கழற்ற மனமில்லை என்றால் இன்னொரு திறப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

எங்க பழைய வீட்டுல எங்கிருந்து வேலையைத் தொடங்கணும்?

நான் செய்த ஒரு வீட்டையே சொல்கிறேன். கடையாலுமூடு பக்கம் என் பெரியம்மா வீடு. ஒரு மாசி மாதம் மதியம் பக்கத்துத் தோட்டத்தில் சருகு கூட்டி எரித்தார்கள். சாயங்காலம் எல்லாம் அடங்கிவிட்டது. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் பெரியம்மா, “ஏதோ பழந்துணி கருகுத மாதிரி வாடை வருதுலே, அடுப்பைப் பாரு” என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. முற்றத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோது வடக்குப் பக்கம் முகட்டுக்குக் கீழே ஓட்டிடுக்கில் நூல் மாதிரிப் புகை. இரண்டு ஓட்டை எடுத்தால் சுவர் மேல் மரத்தோடு ஒட்டி ஒரு அணில் கூடு, உள்ளே சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. அழியின் மூலையில் நைலான் வலை கிழிந்திருந்த வழியாகத்தான் பொறி போயிருக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு சாக்கு ரப்பர் ஒட்டுப்பால் வைத்திருந்தார்கள். அது பற்றியிருந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கும் தீயாக இருந்திருக்காது.

மறுவாரம் வேலை ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் துப்புரவு மட்டும்தான். விளிம்பிலிருந்து மூன்று வரிசை ஓட்டை எடுத்து, மச்சு மேல் இருந்த கூடு, சருகு எல்லாம் அள்ளினோம், நான்கு சாக்கு. அப்புறம் விளிம்பு. பத்து மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 48 ஓடு, இரண்டு பக்கமும் சேர்த்து 96 பொந்து. ஒவ்வொன்றிலும் ஓட்டுச் சில்லு வைத்து, ஒன்றுக்கு ஆறு கலவையில் சாந்து பூசினோம். சிமென்ட்டைக் கூட்ட வேண்டாம். பிறகு ஓடு மாற்றும்போது பிரிக்க முடியாமல் உடையும். முகட்டு ஓடுகளில் ஆடியவற்றை எடுத்துப் புதுச் சாந்தில் உட்கார வைத்தோம். கடைசியில் இரண்டு முகப்பிலும் அழியைக் கழற்றி, ஒரு அங்குலப் பட்டை இரும்பில் சட்டம் செய்து வலையை இரண்டு பட்டைக்கு நடுவே நெருக்கி, சுவரில் பொருத்தினோம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சாந்து. அதில் 5 மி.மீ. இடைவெளி விட்டால் 2 மி.மீ. வலை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். முதலில் சட்டத்தை நிரந்தரமாகப் பூசிவிட்டேன். ஆறு மாதத்தில் வலை முழுக்க ஒட்டடையும் தூசியும் அடைத்துக்கொண்டது, ஏணி வைத்துத் துடைத்தாலும் போகவில்லை. பிறகு உடைத்து, கழற்றி மாட்டும்படி நான்கு போல்ட் வைத்தேன். தையில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை கழற்றி உதறி மாட்டினால் போதும்.

மழைத்தண்ணி பாத்தி பிளாஸ்டிக்ல இருக்கு. இரும்புக்கு மாத்தவா?

சருகு நிறைந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். பிளாஸ்டிக் பாத்தி உருகி எரியும் சருகோடு கீழே விழும், சுவரோரம் விறகு அடுக்கியிருந்தால் அங்கே பற்றும். இரும்புப் பாத்தி விழாது, எரிகிற சருகை விளிம்பு மரத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். தை, மாசியில் வாரம் ஒரு முறை பாத்தியை அள்ளுங்கள். இரண்டு சாய்வுகள் சந்திக்கும் தகரப் பள்ளத்தையும் மறக்காதீர்கள், எங்கள் ஊர்க் கூரையில் சருகு அதிகம் சேர்வது அங்கேதான்.

கங்கு வலையில ஒட்டி, பொடியாகி, எப்படியும் உள்ள போயிடுமாமே? அப்போ வலை எதுக்கு?

சொன்னவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகமும் ஜப்பானில் சுகுபாவில் உள்ள கட்டட ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, கங்கு கக்கும் ஒரு இயந்திரம் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு ‘டிராகன்’ என்றே பெயர். ஏறக்குறைய 6 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை பல கண்ணி வலைகளைச் சோதித்தார்கள். வலையில் மோதிய கங்கு அணையவில்லை. அங்கேயே ஒட்டி எரிந்து, கண்ணி அளவுக்குச் சிறுத்ததும் உள்ளே போனது.

ஆனால் உள்ளே போகும் துண்டு சிறியதாக ஆக அதில் மிஞ்சும் சூடும் குறைகிறது. கண்ணி நெருங்க நெருங்க, உள்ளே வைத்திருந்த பொருள் பற்றுவதும் குறைந்தது. 2 மி.மீ. பொறி மரப்பலகையில் விழுந்தால் பெரும்பாலும் கறுப்புப் புள்ளியோடு சரி. பஞ்சு, கதம்பை நார், காகிதம் என்றால் கனியக்கூடும். அதனால்தான் பெரியம்மா வீட்டில் துப்புரவை முதலில் செய்தேன். வலையும் வெறும் மச்சும் சேர்ந்தால்தான் காப்பு. வலையை அடித்துவிட்டு மச்சில் ஒட்டுப்பாலும் பழைய நோட்டும் அடுக்கினால் பாதி வேலைதான் ஆயிற்று. இன்னொன்று, வலை கங்கை மட்டுமே தடுக்கும். நேரே கீழே விறகு எரிந்து தீ நாக்கு வந்தால் வலை வழியாகவே புகுந்துவிடும். திறப்புக்கு நேர் கீழே எதையும் சாய்த்து வைக்காதீர்கள்.

வெளிநாட்டுல தீ வந்தா தானா மூடிக்கிற வென்டிலேட்டர் இருக்காமே, அதை வரவழைக்கலாமா?

இருக்கிறது. வலைக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி ஒரு தகடு, அதில் சூடு பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பூச்சு. மேலே சொன்ன தீ நாக்குப் பிரச்சனைக்கு அதுதான் பதில். ஆனால் பூச்சு உப்புவதற்குச் சூடு வேண்டும். தனிக் கங்கு வரும்போது அது திறந்தே இருக்கும், அப்போது காப்பது முன்னால் உள்ள வலைதான். நம் ஊர்ச் சருகுத் தீக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

தீ பக்கத்துல வந்துட்டா, கூரையில ஏறித் தண்ணி ஊத்தலாமா?

வேண்டாம். ஈர ஓடு வழுக்கும், மிதித்த இடத்தில் உடையும், உடைந்த ஓடு புதுத் திறப்பு. ஊற்றிய தண்ணீர் அந்த வெயிலிலும் காற்றிலும் சீக்கிரமே காய்ந்துவிடும். முன்கூட்டியே முகப்புத் திறப்பு அளவுக்குத் தகர மூடி வெட்டி வைத்திருந்தால், நேரம் இருக்கும்போது அதைப் போல்ட்டில் மாட்டிவிடலாம். பிறகு 101-க்கோ 112-க்கோ சொல்லிவிட்டு, ஆட்களையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். தீ கடந்த பின், பாதுகாப்பு என்று சொன்னதும் திரும்பி வந்து மச்சை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரியம்மா வீட்டில் புகை தெரிய மதியத்திலிருந்து இரவு ஆனது, ஞாபகம் இருக்கட்டும். அன்று ராத்திரி இரண்டு மூன்று முறையாவது பார்க்க வேண்டும். மூடியைத் தீ அடங்கியதும் கழற்றிவிடுங்கள்.

எங்க ரப்பர் ஷீட் புகைக்கூடு வீட்டை ஒட்டியே இருக்கு. அதுக்கும் இந்த வலையே போடலாமா?

போடலாம், ஆனால் இரண்டு வாரம்கூடத் தாங்காது. புகைக் கரியும் பிசினும் கண்ணியை அடைத்துவிடும். புகை வெளியேறாமல் ஷீட் சரியாக உலராது, அடைந்த கரியே எரியவும் கூடும். அங்கே திசை தலைகீழ், கங்கு உள்ளிருந்து வெளியே வருகிறது. புகைபோக்கியின் வாயில் 6 மி.மீ. கண்ணி வலை போட்டு, வாரம் ஒரு முறை கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நுண்ணிய வலையை வீட்டு முகப்பில் புகைக்கூட்டைப் பார்த்த பக்கம் அடியுங்கள். அந்தப் பக்கத்து வலையை மட்டும் மாதம் ஒரு தடவை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டியிருக்கும், உதறினால் போகாது.